ஸ்கிரீன்ஷாட்டில் வந்த வெண்பாவைச் சீர் பிரித்துச் சரிபார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள கேள்வி எல்லாமே ஒரே ஒரு பாட்டைச் சுற்றித்தான் வரும். கோடையில் மெட்ரோ வாட்டர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த சென்னைக்காரர்களுக்காக நானே கட்டிய வெண்பா இது. வாட்ஸ்ஆப்பில் ஊர் சுற்றி வரும் வெண்பாக்கள் எப்படிக் குலைந்து வருமோ, அதே மாதிரி கொஞ்சம் கெடுத்தும் வைத்திருக்கிறேன். ஸ்கிரீன்ஷாட்டில் இது இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

தண்ணீர் வரும் என்று தாத்தாவும்
காத்திருந்தார் கண் அயர்ந்து போகும்
கணம் வரை திண்ணையில்
வந்ததே லாரி வரிசையில் நிற்பவற்றுள் எந்தக் குடம் எங்கள் குடம்

கீழே "நேரிசை வெண்பா"ன்னு போட்டிருக்கு. வரிக்கு நாலு சீர்னு படிச்ச ஞாபகம். இதுல ஒரு வரியில மூணு சொல்லு, இன்னொரு வரியில எட்டு. இது வெண்பாவே இல்லையா?

அதை இப்போதே முடிவு கட்ட முடியாது. ஸ்கிரீன்ஷாட்டில் தெரியும் வரி, பாட்டின் அடி இல்லை. யாரோ ஒருவர் போனில் தட்டச்சு செய்யும்போது திரையின் அகலத்துக்கு ஏற்ப மடங்கியது, இன்னொருவர் அதை வெட்டி ஒட்டியபோது ஒட்டிக்கொண்டது, மூன்றாமவர் படமாக எடுத்து அனுப்பியது என்று ஆயிரம் காரணம் இருக்கும். அதே மாதிரி நடுவில் விட்டிருக்கும் இடைவெளியும் சீரின் எல்லை இல்லை. பொருள் புரியட்டும் என்று சொல் சொல்லாகப் பிரித்துப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது, அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சொல் வேறு, சீர் வேறு. ஆகவே படத்தில் இருப்பதில் எழுத்துகளை மட்டும் நம்புங்கள். அதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு நம்புங்கள். வரி முறிவையும் இடைவெளியையும் மொத்தமாக மறந்துவிடுங்கள்.

நான்கடி வெண்பா என்றால் கணக்கு எளிது. முதல் மூன்று அடிக்கு நான்கு நான்கு சீர், கடைசி அடிக்கு மூன்று, ஆக 15. நம் படத்தில் இருப்பது 19 சொல். அப்படியானால் எங்கோ நான்கு இடத்தில் இரண்டிரண்டு சொல் சேர்ந்து ஒரு சீராக வேண்டும். அந்த நான்கு இடத்தைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

சரி, வரியை நம்ப வேண்டாம்னா, அடி எங்க ஆரம்பிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எதுகையைத் தேடுங்கள். எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, அது பெரும்பாலும் அடியின் முதல் சீரில்தான் உட்கார்ந்திருக்கும். மேலே இருக்கும் 19 சொல்லையும் ஒரே நீளமாக ஓட்டிப் படித்தால் காது தானாகவே சில இடங்களில் நிற்கும்: தண்ணீர், கண் அயர்ந்து, திண்ணையில். மூன்றிலும் இரண்டாம் எழுத்து ண். அப்புறம் வந்ததே, எந்தக். இரண்டிலும் ந்.

நேரிசை வெண்பாவின் எலும்புக்கூடே இதுதான். முதலடியின் தொடக்கம், இரண்டாமடியின் தொடக்கம், இரண்டாமடியின் கடைசியில் வரும் தனிச்சொல், மூன்றும் ஒரே எதுகை. மூன்றாம் நான்காம் அடிகள் அதே எதுகையிலும் வரலாம், தங்களுக்குள் வேறு எதுகையும் வைத்துக்கொள்ளலாம். நம் பாட்டில் வேறு எதுகை, அதனால் இரு விகற்பம் என்பார்கள்.

இப்போது ஐந்து ஆணி அடித்தாயிற்று. தண்ணீர் முதல் கண் வரை நான்கு சீர் இருக்க வேண்டும், கண் முதல் திண்ணை வரை மூன்று, திண்ணையில் என்பது தனியாக ஒன்று, வந்ததே முதல் எந்த வரை நான்கு, எந்த முதல் கடைசி வரை மூன்று. பாட்டு முழுதும் 15 சீரைத் தேடுவதைவிட இப்படித் துண்டு துண்டாகத் தேடுவது எவ்வளவோ மேல். ஒரு துண்டில் தப்பு வந்தாலும் அடுத்த துண்டைக் கெடுக்காது.

நாலு சீர் வேணும், ஆனா அஞ்சு சொல்லு இருக்கு. எதை எதோட சேர்க்கிறது? குத்துமதிப்பா சேர்க்கலாமா?

குத்துமதிப்பு தேவையே இல்லை, பாட்டே சொல்லிவிடும். இரண்டு சட்டம் போதும். வெண்பாவின் நடுவில் ஓரசைச் சீர் வராது, கடைசிச் சீராக மட்டும்தான் வரும். இன்னொன்று, கனிச்சீர் எங்கேயும் வராது. அதாவது மூன்று அசை உள்ள சீர் நிரையில் முடியக் கூடாது.

முதல் துண்டைப் பாருங்கள்: தண்ணீர், வரும், என்று, தாத்தாவும், காத்திருந்தார். இதில் "வரும்" ஒரே அசை, தனியாக நிற்க முடியாது. முன்னால் உள்ளதோடு சேர்த்தால் "தண்ணீர்வரும்", தண் ணீர் வரும், நேர் நேர் நிரை. கனியாகிவிட்டது, கூடாது. பின்னால் சேர்த்தால் "வருமென்று", வரு மென் று, நிரை நேர் நேர். புளிமாங்காய், சரி. அவ்வளவுதான், வேறு வழியே இல்லை.

இரண்டாம் துண்டும் அப்படித்தான். "கண்" ஓரசை, அடியின் முதலில் இருப்பதால் பின்னால் மட்டுமே சேர முடியும், கண்ணயர்ந்து. அப்புறம் "கணம்", "வரை" இரண்டும் ஓரசை. "போகும்" என்பதோடு கணத்தைச் சேர்த்தால் போ கும் கணம், மறுபடி கனி. ஆகவே கணமும் வரையும் தங்களுக்குள் சேர்ந்து "கணம்வரை". கடைசித் துண்டில் "குடம்" தனியாக நிற்காமல் "குடமெங்கள்" ஆகும். நான்கு சேர்க்கையும் கிடைத்துவிட்டது.

குறில் நெடில் எல்லாம் தெரியும். ஆனா அசை பிரிக்கும்போது எங்க வெட்டுறதுன்னு ஒவ்வொரு தடவையும் குழப்பம்.

சீரின் முதல் எழுத்திலிருந்து போங்கள், ஒவ்வொரு அசைக்கும் ஒரே ஒரு முடிவுதான் எடுக்க வேண்டியிருக்கும். நெடிலில் நிற்கிறீர்களா, அங்கேயே வெட்டு, அடுத்து மெய் இருந்தால் அதையும் அள்ளிக்கொண்டு வெட்டு. அது நேர். குறிலில் நிற்கிறீர்களா, அடுத்த எழுத்தைப் பாருங்கள். அது மெய் என்றால் அதோடு சேர்த்து வெட்டு, நேர். அது உயிரோ உயிர்மெய்யோ என்றால் குறிலானாலும் நெடிலானாலும் அதையும் இழுத்துக்கொள்ள வேண்டும், பின்னால் மெய் இருந்தால் அதுவும் கூடவே வரும், அது நிரை. தனிக்குறில் ஓர் அசையாக நிற்பது சீரின் கடைசியில் மட்டும்தான், ஏனென்றால் நடுவில் இருந்தால் அது அடுத்ததை இழுத்துக்கொண்டுவிடும். மெய் அடுத்தடுத்து இரண்டு வந்தாலும் (அயர்ந்து என்பதில் ர், ந்) கணக்கு ஒன்றுதான்.

"கண்ணயர்ந்து" என்பதைச் செய்து பார்க்கலாம். க குறில், அடுத்து ண், வெட்டு: கண், நேர். ண குறில், அடுத்து ய உயிர்மெய், இழு, பின்னால் ர்ந் இருக்கிறது, அள்ளு, வெட்டு: ணயர்ந், நிரை. மீதி து, சீரின் கடைசி, நேர். நேர் நிரை நேர், கூவிளங்காய்.

பாட்டு முழுதும் இப்படி வரும்:

தண்/ணீர் (தேமா), வரு/மென்/று (புளிமாங்காய்), தாத்/தா/வும் (தேமாங்காய்), காத்/திருந்/தார் (கூவிளங்காய்)

கண்/ணயர்ந்/து (கூவிளங்காய்), போ/கும் (தேமா), கணம்/வரை (கருவிளம்), திண்/ணையில் (கூவிளம்)

வந்/ததே (கூவிளம்), லா/ரி (தேமா), வரி/சையில் (கருவிளம்), நிற்/பவற்/றுள் (கூவிளங்காய்)

எந்/தக் (தேமா), குட/மெங்/கள் (புளிமாங்காய்), குடம் (மலர்)

லாரி வேற்று மொழிச் சொல்லாச்சே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். யாப்புக்கு அந்தக் கவலை இல்லை, லா நெடில், ரி குறில், அவ்வளவே.

தேமா புளிமா எல்லாம் போட்டாச்சு. தளை சரியான்னு எப்படிப் பார்க்கிறது? மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர்... சொல்லும்போது புரியுது, பார்க்கும்போது மறந்துடுது.

வாய்பாட்டுப் பெயரையே மறந்துவிட்டும் பார்க்கலாம். நிற்கும் சீரில் இரண்டு அசையா மூன்று அசையா என்று மட்டும் பாருங்கள். இரண்டு என்றால், அது எதில் முடிகிறதோ அதற்கு எதிரானதில் அடுத்த சீர் தொடங்க வேண்டும்: நேரில் முடிந்தால் நிரை, நிரையில் முடிந்தால் நேர். மூன்று என்றால் அடுத்தது நேரில்தான் தொடங்க வேண்டும், யோசனையே வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று விதியும் இதற்குள் அடங்கிவிட்டது.

இதில் பலர் விட்டுவிடுவது அடி மாறும் இடத்தை. ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று தளை பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிடுகிறார்கள். வெண்பாவில் முதலடியின் கடைசிச் சீருக்கும் இரண்டாமடியின் முதல் சீருக்கும் நடுவிலும் தளை உண்டு, பாட்டு ஒரே சங்கிலிதான். 15 சீருக்கு 14 இடம் பார்க்க வேண்டும்.

நம் பாட்டில் நடந்து பாருங்கள். தண்ணீர், இரண்டசை, நேரில் முடிகிறது, அடுத்தது வரு, நிரை, சரி. வருமென்று மூன்றசை, அடுத்து தாத், நேர், சரி. தாத்தாவும், காத்திருந்தார் இரண்டுக்கும் பின் நேர். அடி தாண்டிக் கண், அதுவும் நேர். போகும், பின் கணம், நிரை. கணம்வரை நிரையில் முடிந்து திண் என்ற நேருக்குப் போகிறது. திண்ணையில் என்பதும் நிரையில் முடிந்து வந் என்ற நேருக்குப் போகிறது. மூன்றாமடி முழுதும் தடையில்லாமல் ஓடுகிறது. எந்தக், நேரில் முடிந்து குட என்ற நிரைக்குப் போகிறது, சரி.

கடைசி இடத்தில் நிற்கும். குடமெங்கள் மூன்றசை, காய்ச்சீர். அதன் பின் நேர் வர வேண்டும். வந்திருப்பது "குடம்", நிரை. காய்முன் நிரை என்றால் அது கலித்தளை, வெண்பாவுக்குள் வரக் கூடாதது. தளை தட்டுகிறது என்பது இதைத்தான்.

அப்போ பாட்டு தப்பா? எப்படிச் சரி பண்றது?

14 இடத்தில் 13 சரியாக இருந்து, ஒன்றே ஒன்று தட்டினால் அந்தப் பாட்டைக் கட்டியவருக்கு வெண்பா தெரியும் என்று அர்த்தம். அப்படியானால் நடுவில் யாரோ கை வைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த மாதிரி இடத்தில் நான் முதலில் தேடுவது, பழைய வடிவத்தைப் பேச்சு வழக்குக்கு மாற்றிவிட்டார்களா என்பதைத்தான். "எம்" என்று இருந்தால் இப்போது யாருக்கும் வாயில் வராது, "எங்கள்" என்று மாற்றி அனுப்பிவிடுவார்கள், பொருள் மாறாது, யாப்பு போய்விடும்.

எம் என்று வைத்துப் பாருங்கள்: எந்தக் குடமெம் குடம். குட மெம், நிரை நேர், இரண்டசை, நேரில் முடிகிறது, அடுத்தது நிரை வர வேண்டும், குடம் நிரை. சரியாகிவிட்டது. கடைசிச் சீர் ஒற்றை நிரை, அதற்கு மலர் என்று பெயர், வெண்பாவின் ஈற்றுக்கு அனுமதி உண்டு.

ஈற்றுச் சீருக்கு நான்கே நான்கு வடிவம்: நாள் (ஒரு நேர்), மலர் (ஒரு நிரை), காசு (நேர், அதன் பின் குற்றியலுகரம்), பிறப்பு (நிரை, அதன் பின் குற்றியலுகரம்). இதை வைத்து வேறு விதமாகவும் திருத்தலாம். "எந்தக் குடமோ எமது" என்றால் குடமோ நேரில் முடிகிறது, எமது என்பதில் எம நிரை, து குற்றியலுகரம், ஆகவே பிறப்பு, சரி. எங்களை விட மனமில்லை என்றால் "எந்தக் குடமெங்கள் சொத்து" என்று போடுங்கள். காய்முன் நேர் வந்துவிட்டது, சொத்து என்பது காசு. குடத்தைச் சொத்து என்பது கொஞ்சம் மிகைதான், மே மாதத்தில் அப்படித் தோன்றாது.

"குடமே" என்று முடித்தால் மட்டும் கூடாது. மே நெடில், குற்றியலுகரம் இல்லை, அது வெறும் புளிமா ஆகிவிடும், வெண்பா அதில் முடியாது.

ஐகாரம் வந்தா நெடிலா குறிலா? ஒருத்தர் நேர்ங்கிறார், இன்னொருத்தர் நிரைங்கிறார்.

சீரின் முதலில் வரும் ஐ நெடிலாகவே நிற்கும். "கையில்" என்பது கை யில், நேர் நேர், தேமா. நடுவிலும் கடைசியிலும் வரும் ஐ குறுகிவிடும், குறிலாக எடுங்கள். அதற்குப் பெயர் ஐகாரக்குறுக்கம்.

நம் பாட்டில் இரண்டு இடம் உண்டு, திண்ணையில், வரிசையில். ணை குறுகினால் ணையில் ஒரே நிரை, சீர் கூவிளம். குறுகாமல் நெடிலாக எடுத்தால் திண் ணை யில், தேமாங்காய். விளமானாலும் காயானாலும் அடுத்தது நேர்தான் வர வேண்டும், "வந்" நேர்தான், ஆகவே இங்கே சண்டை போட்டுப் பயனில்லை. வரிசையிலும் அப்படியே.

சண்டை வரும் இடம் இன்னொன்று. "தலைமையகம்" என்று ஒரு சீர் வந்தால், குறுக்கத்தோடு தலை மைய கம், நிரை நிரை நேர், கருவிளங்காய். குறுக்கம் இல்லாமல் தலை மை யகம், நிரை நேர் நிரை, கனி. பாட்டில் திடீரென்று ஒரு கனிச்சீர் முளைத்து, உள்ளே ஐகாரமும் இருந்தால், கவிஞரைத் திட்டும் முன் அந்த ஐகாரத்தைக் குறுக்கிப் பாருங்கள்.

கூகுள் லென்ஸ்ல எடுத்துத்தான் காப்பி பண்ணினேன். நாலஞ்சு இடத்துல தளை தட்டுது. படத்துல பார்த்தா சரியாத்தான் இருக்கு.

படத்தையும் நகல் எடுத்த எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் புள்ளிகளை எண்ணுங்கள். மங்கலான படத்தில் மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் காணாமல் போகும், புள்ளி போனால் ஒற்று குறிலாகிவிடும், அசையே மாறிவிடும். "காத்திருந்தார்" என்பதில் ந் புள்ளி இழந்து "காத்திருநதார்" ஆனால் காத் திரு நதார், நேர் நிரை நிரை, கனிச்சீர். நல்ல வேளையாக இந்தப் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது காலும் ரவும். கா என்பதைக் கர என்று படித்துவிடும். "கரத்திருந்தார்" என்று வந்தால் சீர் கருவிளங்காய், தனியாகப் பார்த்தால் குற்றமில்லை. ஆனால் முன்னால் இருக்கும் தாத்தாவும் காய்ச்சீர், அதன் பின் நிரை வந்து தட்டும். ஆகவே தட்டும் இடத்தில் பின்னால் உள்ள சீரைத் திருத்துவதற்கு முன், அதன் முதல் எழுத்தைப் படத்தில் உற்றுப் பாருங்கள்.

தளை காட்டிக்கொடுக்காத பிழைகளும் உண்டு, அதுதான் ஆபத்து. மெ என்பது மே ஆனாலும் பின்னால் ஒற்று இருந்தால் இரண்டும் நேர்தான், "வருமேன்று" என்று இருந்தாலும் தளை தட்டாது. ண, ன மாறினாலும் அசை மாறாது. "கன்னயர்ந்து" என்று வந்திருந்தால் அலகிடும்போது எல்லாம் சரியாக வரும், ஆனால் தண்ணீரோடு எதுகை உடைந்துவிடும், அதில் பிடிக்கலாம். சீரின் நடுவில் இருக்கும் ல, ள, ழவை எதுகையும் பிடிக்காது. கண்ணால் படித்துத்தான் ஆக வேண்டும்.

சொல்லைச் சேர்த்து ஒரு சீரா எடுக்கும்போது, புணர்ச்சி பண்ணி எழுதணுமா, அப்படியே பக்கத்துல வச்சாப் போதுமா?

புணர்த்தி எழுதித்தான் அலகிட வேண்டும். நம் பாட்டில் இரண்டும் ஒன்றாகவே வரும், வரும்என்று என்றாலும் வருமென்று என்றாலும் நிரை நேர் நேர்தான், அதனால் இது முக்கியமில்லை என்று தோன்றிவிடும். ஆனால் "மக்கள் இனி" என்று ஒரு சீர் வருகிறது என்று வையுங்கள். பக்கத்தில் வைத்தால் மக் கள் இனி, நேர் நேர் நிரை, கனி. புணர்த்தினால் மக்களினி: ள் இகரத்தோடு போய்விட்டது, க தனிக்குறிலாகிப் பின்னால் உள்ள ளியை இழுக்கிறது, மக் களி னி, நேர் நிரை நேர், கூவிளங்காய். கூடாத சீர் கூடும் சீராகிவிட்டது.

குற்றியலுகரத்துக்குப் பின் உயிர் வந்தாலும் இப்படி மாறும், ஏனென்றால் அங்கே உகரமே கெட்டுவிடும். யாராவது காத்திருந்தாரைக் "காத்து இருந்தார்" என்று பிரித்து அனுப்பியிருந்தால் இரண்டும் தேமா, புளிமா என்று தனித்தனிச் சீராக அழகாக நிற்கும், நடுவில் தளையும் சரியாக இருக்கும், ஏமாந்துவிடுவோம். ஆனால் அடியில் சீர் ஐந்தாகிவிடும், இருந்தார் என்ற மாச்சீருக்குப் பின் அடுத்த அடியின் "கண்" நேராக வந்து தட்டும். இரண்டு அறிகுறியும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்தால் பிரித்ததைச் சேருங்கள்.

பழைய பதிப்புகளில் சீருக்காகச் சொல்லையே உடைத்து "நிற்பவற்று ளெந்தக்" என்கிற மாதிரி அச்சிட்டிருப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், அலகிடுவதற்கு அதுதான் வசதி.

தட்டுற இடத்தைக் கவிஞர் தப்புன்னு எப்போ சொல்லலாம்?

கடைசியாக. முதலில் எழுத்து: புள்ளி, கால், கொம்பு. அடுத்து சீர் எல்லை: சேர்க்க வேண்டியதைச் சேர்த்தோமா, புணர்த்தினோமா. அடுத்து ஐகாரம். அதற்குப் பிறகும் தட்டினால் சொல் மாறியிருக்குமா என்று பாருங்கள், அதே பொருளில் ஓர் அசை கூடக் குறைய உள்ள பழைய வடிவம் ஏதாவது கச்சிதமாகப் பொருந்துகிறதா என்று. இவ்வளவுக்கும் பிறகுதான் கவிஞர். அவரைக் கேட்க முடிந்தால் கேட்பது இன்னும் நல்லது. நாமே திருத்திவிட்டு அதை மறுபடி குழுவில் போட்டுவிட்டால், அடுத்தவருக்கு எது மூலம் என்று தெரியாமல் போய்விடும். திருத்தினால் திருத்தியது என்று குறிப்புப் போடுங்கள்.

இது புதுத் தொல்லை இல்லை. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது, காலுக்கும் ரவுக்கும் வேறுபாடு கிடையாது, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றுதான், பாட்டை அடி அடியாக மடக்கி எழுதும் வழக்கமும் இல்லை. உ.வே.சா. போன்றவர்கள் அதிலிருந்துதான் பாட்டை மீட்டு அச்சுக்குக் கொண்டுவந்தார்கள், எது கால் எது ர என்று முடிவு செய்ய எதுகையும் தளையும் கைகொடுத்தன. பெசன்ட் நகரில் அவர் பெயரில் இருக்கும் நூலகத்தில் அப்படிப்பட்ட சுவடிகள் இருக்கின்றன. மங்கிய ஸ்கிரீன்ஷாட் அதைவிட எவ்வளவோ மேல் என்று அங்கே ஓர் ஏட்டைப் பார்த்தால் தெரியும்.

அவலோகிதம்ல போட்டா மொத்தமும் வெண்பா இல்லைன்னு வருதே. அதுக்கப்புறம் எதுக்கு மெனக்கெடணும்?

நீங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் இருந்ததை அப்படியே ஒட்டியிருப்பீர்கள். அந்த மாதிரிக் கருவிகள் நீங்கள் விடும் இடைவெளியைச் சீர் எல்லையாகவும், நீங்கள் மடக்கும் வரியை அடியாகவும் எடுத்துக்கொள்ளும். 19 சொல்லை 19 சீராகக் கொடுத்தால் அது என்ன செய்யும், நடுவில் ஓரசைச் சீர் கண்டு இல்லை என்றுதான் சொல்லும். மேலே சொன்னபடி சேர்த்து, நான்கு நான்கு நான்கு மூன்று என்று மடக்கிக் கொடுங்கள். அப்போது கடைசியில் ஒரே ஓர் இடம் மட்டும் கலித்தளை என்று வரும், அதுதான் நமக்கு வேண்டிய பதில். அலகிட்டதைச் சரிபார்க்க இந்தக் கருவி மிக நல்லது, கைத்தவறு வராது. சீர் பிரிக்கும் வேலையை அதனிடம் விடாதீர்கள்.

படத்துல தனிச்சொல்லுக்கு முன்னாடி கோடே இல்லை. அப்பவும் நேரிசைதானா?

கோடு வெறும் அச்சு வழக்கம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாட்டு மாறாது. இரண்டாமடியின் நான்காம் சீர் முதல் இரண்டடியின் எதுகையோடு ஒன்றுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். திண்ணையில் ஒன்றுகிறது, நேரிசை. அதையே எடுத்துவிட்டு "வாசலில்" என்று போட்டுப் பாருங்கள்: வா சலில், கூவிளம், முன்னும் பின்னும் தளை சரி, பொருளும் ஏறக்குறைய அதேதான். வெண்பா உடையவில்லை. ஆனால் ண் எதுகை போய்விட்டது, ஆகவே அது இனி இன்னிசை வெண்பா. கீழே "நேரிசை" என்று போட்டு இப்படி ஒரு பாட்டு வந்தால் பாட்டைத் திருத்தப் போகாதீர்கள், தலைப்பை மாற்றினால் போதும்.